ஐந்து புள்ளியும் ஒரே நேர்கோட்டில், ஆனால் போர்டு போடும் கோடு 409 கீழே போகிறது. ஏன்?

கொழுந்துக்கணக்கு | பெப்ரவரி 11, இரவு 9.15

ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்றில் சின்னப் பெட்டி செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் எடுத்த கொழுந்து கிலோவைப் போட்டால், கூடுகிறதா குறைகிறதா, வருடத்துக்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும். சோதித்துப் பார்க்க நானே போட்ட எண்கள்: 2019 இல் 4120, 2020 இல் 4090, 2021 இல் 4060, 2022 இல் 4030, 2023 இல் 4000. வருடம் 30 குறைகிறது, புள்ளிகள் ஐந்தும் ஒரே கோட்டில். படித்திறன் -30, வெட்டுத்துண்டு 64690 வர வேண்டும். கோட்:

```
float D = 5*Stt - St*St;
float b = (5*Sty - St*Sy) / D;
float a = (Sy*Stt - St*Sty) / D;
```

`St` வருடங்களின் கூட்டுத்தொகை, `Stt` வருட வர்க்கங்களின் கூட்டுத்தொகை, மற்றவை அப்படியே. போர்டு தருவது b = -26.86, a = 57929.14. அந்த இரண்டையும் வைத்து 2021 க்குக் கணக்குப் போட்டால் 3651 வருகிறது. 4060 அல்லவா வர வேண்டும்? அதே கோட் லப்டொப்பில் `double` போட்டால் -30, 64690, ஒரு சொட்டும் பிசகவில்லை. லப்டொப்பிலேயே `float32` போட்டால் போர்டு சொன்ன அதே பிழை. ஆக போர்டு பழுதில்லை. கோட் வரிகளிலும் பிழை இல்லை. அப்போ எங்கே?

பண்டாரவளைக்காரன் | பெப்ரவரி 11, இரவு 9.50

இது ஏ.எல் கணக்குதான் தம்பி. துணிகோவை பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் தாயம் சிங்குலர் ஆகப் பார்க்கும், அதால் வகுத்தால் விடை கோணும். உங்கள் D ஐ பிரிண்ட் பண்ணிப் பாருங்கள், 0.0000 ஏதோ ஒன்று இருக்கும்.

கொழுந்துக்கணக்கு | பெப்ரவரி 11, இரவு 10.05

பார்த்தேன் அண்ணே. கையால் போட்டால் D = 50. போர்டு சொல்வது 56. ஐம்பது எப்படி பூச்சியத்துக்குக் கிட்ட?

பண்டாரவளைக்காரன் | பெப்ரவரி 11, இரவு 10.11

50 ஆ? அப்போ சிங்குலர் இல்லை. வயர் செக் பண்ணுங்கள்.

லிந்துலை சேர் | பெப்ரவரி 12, காலை 5.40

வயரை விடுங்கள். 50, 56 ஆனது எப்படி என்று பார்த்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

வருட வர்க்கங்களின் கூட்டுத்தொகை 20422215. `float` இல் 24 பிட்தான் இலக்கத்துக்கு, அதனால் 16777216 வரைக்கும்தான் எல்லா முழு எண்களும் இருக்கும். அதைத் தாண்டினால் இரட்டை எண்கள் மட்டும். 20422215 க்கு அங்கே இடமில்லை, 20422216 என்று மட்டந்தட்டப்படும். அதை 5 ஆல் பெருக்கினால் 102111080. மறுபக்கம் 10105 இன் வர்க்கம் 102111025, அந்த உயரத்தில் எட்டின் மடங்குகள் மட்டுமே இருப்பதால் அது 102111024 ஆகிறது. கழித்தால் 56. உண்மையில் 102111075 இலிருந்து 102111025 போய் 50.

கழித்தல் இங்கே எந்தத் தப்பும் செய்யவில்லை, 56 என்பது மிகச் சரியான கழித்தல். பத்துக் கோடி அளவில் இருந்த இரண்டு எண்களின் முன்பக்க இலக்கங்கள் ஒன்றையொன்று தின்றுவிட, கடைசியில் மட்டந்தட்டிய ஓரங்கள் மட்டும் மிஞ்சி அவையே விடையாகிவிட்டன. b பின்னத்தின் மேல்பக்கம் -1500 வர வேண்டிய இடத்தில் -1504. -1504 ஐ 56 ஆல் வகுத்தால் -26.857. உங்கள் போர்டு மட்டுமல்ல, ஒவ்வொரு படியையும் `float` இல் மட்டந்தட்டும் எந்தப் போர்டும் இதைத்தான் சொல்லும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். மற்ற எல்லா மட்டந்தட்டலையும் மறந்து, 20422215 க்குப் பதில் 20422216 என்ற ஒரேயொரு மாற்றம் மட்டும் செய்து, மீதியைக் கையால், துல்லியமாகத் தீர்க்கவும். இரண்டு கோடியில் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். D 55 ஆகும், படித்திறன் -27.27. இரண்டு கோடியில் ஒன்று என்ற மாற்றம் விடையில் 9 சதவீதமாக வந்து நிற்கிறது. இதற்குப் பிறகு எவ்வளவு நல்ல முறையில் தீர்த்தாலும் பயனில்லை, ஏனென்றால் சமன்பாட்டை எழுதி வைக்கும்போதே சேதம் நடந்து முடிந்துவிட்டது.

மடுவத்து அக்கா | பெப்ரவரி 12, காலை 11.20

மட்டந்தட்டல் என்ற சொல்லைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். எங்கள் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோவை அப்படியே கீழே இறக்கி எழுதுகிறார்கள், தண்ணீர்க் கழிவு வேறு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் மாதம் முடிய எவ்வளவு போகும்? இதையும் இந்தப் பெட்டியில் கண்டுபிடிக்கலாமா தம்பி?

கொழுந்துக்கணக்கு | பெப்ரவரி 12, மதியம் 12.45

அக்கா, நீங்கள் சொல்வது எப்பவும் கீழே இறக்குவது, அது வேறு வழக்கு. நிறுத்த எடையையும் எழுதிய எடையையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வைத்தால் கூட்டலே போதும், பெட்டி தேவையில்லை. இங்கே நடப்பது மேலேயும் கீழேயும் போகும் மிகச் சின்ன மட்டந்தட்டல், ஆனால் கணக்கு அதைப் பெரிதாக்கிவிடுகிறது.

சேர், நேற்று இரவு துணிகோவையை விட்டுவிட்டு, 5a + 10105b = 20300, 10105a + 20422215b = 41026000 என்ற இரண்டில் முதல் சமன்பாட்டை 2021 ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்து b ஐக் கண்டுபிடித்தேன், அதே `float` இல். படித்திறன் -25, வெட்டுத்துண்டு 54585. இது 2021 இல் சரியாக 4060 தருகிறது! விடையைத் திருப்பிச் சமன்பாட்டில் போட்டால் முதலாவது அச்சொட்டாகப் பொருந்துகிறது, இரண்டாவது 41026000 வர வேண்டிய இடத்தில் 41026050. பத்து லட்சத்தில் ஒன்றுதான் வித்தியாசம். அப்போ -25 ஐ நம்பலாமா? எண்கள் -30 என்று கத்துகின்றனவே.

லிந்துலை சேர் | பெப்ரவரி 12, இரவு 8.30

இதுதான் இந்தக் கணக்கின் ஆகப் பெரிய பொறி. திருப்பிப் போட்டுப் பார்ப்பது ஓ.எல் இல் இருந்து நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சோதனை, இங்கே அது பொய் சொல்லும்.

உங்கள் இரண்டு சமன்பாடுகளையும் a யின் குணகம் 1 ஆக வரும்படி வகுத்து எழுதுங்கள். முதலாவது: a + 2021 b = 4060. இரண்டாவது: a + 2021.00099 b = 4059.97031. இரண்டையும் a, b தளத்தில் கோடுகளாக வரைந்தால் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும், பென்சில் கோட்டின் அகலத்துக்குள் இரண்டும் அடங்கிவிடும். உண்மையான வெட்டுப்புள்ளி ஒன்றுதான். ஆனால் அந்தக் கோட்டு வழியே நூறு நூறாக நடந்து போனாலும் இரண்டு சமன்பாடுகளும் 'கிட்டத்தட்ட' சரியாகவே இருக்கும். படித்திறன் -25, வெட்டுத்துண்டு 54585 அப்படி நடந்து போன ஒரு புள்ளி. மிச்சம் சின்னதாக இருப்பதால் சமன்பாடு கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம். விடை கிட்ட இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்குக் கோடுகள் எவ்வளவு கோணத்தில் வெட்டுகின்றன என்று தெரிய வேண்டும்.

பண்டாரவளைக்காரன் | பெப்ரவரி 12, இரவு 9.20

சேர் எழுதிய அந்த இரண்டு சமன்பாட்டை நான் ஏழு இலக்கத்துக்கு மட்டந்தட்டி கையால் போட்டேன். 2021.001, 4059.970. கழித்தால் 0.001 b = -0.030, b = -30. சரியாக வருதே! நீங்கள் எல்லாம் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

லிந்துலை சேர் | பெப்ரவரி 12, இரவு 9.45

சரி, அதையே எட்டு இலக்கத்துக்குப் போடுங்கள். 2021.0010, 4059.9703. b = -29.7. துல்லியத்தைக் கூட்டினோம், விடை கெட்டது. ஏழில் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சமப்படுத்தியது உங்கள் அதிர்ஷ்டம், லொத்தர் வாங்கியிருக்கலாம்.

பேராதனை மூன்றாம் வருடம் | பெப்ரவரி 13, இரவு 11.10

கண்டிஷன் நம்பர் என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லையே. `np.linalg.cond(N)` போட்டேன், N என்பது [[5, 10105], [10105, 20422215]]. வருவது ஏறத்தாழ 8.3 × 10¹². உள்ளே போகும் எண்ணில் உள்ள சார் பிழை, மிக மோசமான நிலையில், விடையில் எத்தனை மடங்காகலாம் என்று இது சொல்கிறது. `float` க்கு ஏழு இலக்கம், இது பதின்மூன்று இலக்கத்தைத் தின்னும். ஆகவே போர்டில் ஒரு இலக்கம்கூடச் சரியாக வரக்கூடாது. `double` க்குப் பதினாறு, மூன்று மிஞ்சும். விஷயம் முடிந்தது.

கொழுந்துக்கணக்கு | பெப்ரவரி 14, காலை 6.30

முடியவில்லையே. நீங்கள் சொல்வது சரி என்றால் போர்டில் குப்பை வந்திருக்க வேண்டும், எனக்கு வந்தது பத்துச் சதவீதப் பிழை. `double` இல் மூன்று இலக்கம்தான் மிஞ்ச வேண்டும், எனக்கு முழுதும் சரியாக வந்தது. இரண்டு பக்கமும் உங்கள் கணக்கு பொருந்தவில்லை.

லிந்துலை சேர் | பெப்ரவரி 14, இரவு 7.15

தம்பி கேட்டது நல்ல கேள்வி. மூன்றாம் வருடம் சொன்ன எண் சரி, அதை வாசித்த விதத்தில் இரண்டு இடத்தில் தடுமாற்றம்.

`double` முதலில். உங்கள் தரவு எல்லாமே முழு எண்கள். ஆகப் பெரிய பெருக்கம் 4.1 × 10¹¹ சுற்றி வருகிறது, `double` முழு எண்களை 9 × 10¹⁵ வரை சிந்தாமல் வைத்திருக்கும். ஆகவே மட்டந்தட்டல் ஒன்றுகூட நடக்கவில்லை. பிழை பூச்சியம், பூச்சியத்தை எட்டு டிரில்லியனால் பெருக்கினாலும் பூச்சியம்தான். கண்டிஷன் நம்பர் பிழையை உண்டாக்குவதில்லை, இருக்கும் பிழையை எவ்வளவு பெருக்கலாம் என்ற எல்லையை மட்டும் சொல்கிறது. கிலோவில் தசமம் வரத் தொடங்கினால் இந்தச் சலுகை போய்விடும்.

அடுத்தது `float`. 8.3 × 10¹² இல் பெரும்பகுதி அலகு செய்யும் விளையாட்டு. தரவில் ஒரு நிரல் வெறும் 1 கள், மற்ற நிரல் 2021 ஐச் சுற்றிய வருடங்கள். வருடத்தை ஆயிரம் வருட அலகில் எழுதினாலே அந்த எண் தடாலென்று இறங்கும், ஆனால் நம்முடைய பிழை அந்த அளவுக்குக் குறையாது. இரண்டு நிரல்களையும் ஒரே நீளத்துக்குக் கொண்டு வந்த பிறகு N இன் கண்டிஷன் நம்பரைப் பாருங்கள், 8.2 × 10⁶ ஆகும். `float` இன் ஒரு மட்டந்தட்டலின் சார் பிழை 6 × 10⁻⁸. பெருக்கினால் 0.5. அதாவது ஐம்பது சதவீதம் வரை பிசகலாம். வந்தது பத்து, பதினேழு. எல்லைக்குள் இருக்கிறது.

பேராதனை மூன்றாம் வருடம் | பெப்ரவரி 14, இரவு 8.02

அப்போ எந்த எண்ணைத்தான் சேர் ரிப்போர்ட்டில் எழுதுவது? அலகை மாற்றினால் மாறும் எண்ணை வைத்து என்ன தீர்ப்புச் சொல்ல? எங்களுக்குச் சொல்லித் தந்தது தாயத்தின் கண்டிஷன் நம்பர் என்று ஒரே ஒன்று.

லிந்துலை சேர் | பெப்ரவரி 14, இரவு 8.40

நான் நிரல்களைச் சமப்படுத்திய பிறகு வருவதையே எழுதுவேன். எல்லோரும் இதை ஒப்ப மாட்டார்கள், அவரவர் பிழை எந்த உருவில் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது. ஆலன் டூரிங் 1948 இல் மட்டந்தட்டல் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பெயர் வருகிறது, அங்கேயே அவர் ஒன்றுக்கு மேற்பட்ட அளவை வைக்கிறார். சண்டை பழையது.

பண்டாரவளைக்காரன் | பெப்ரவரி 15, காலை 9.30

என் துணிகோவை மட்டும் எதற்கும் உதவாதா அப்போ?

லிந்துலை சேர் | பெப்ரவரி 15, மாலை 4.50

உதவாது என்பதை இந்தக் கணக்கே காட்டும். வருடத்துக்குப் பதில் (வருடம் − 2021) போடுங்கள். -2, -1, 0, 1, 2. கூட்டுத்தொகை 0, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 10. தாயம் இப்போது [[5, 0], [0, 10]]. துணிகோவை? அதே 50. மாறவே இல்லை! கண்டிஷன் நம்பர் மட்டும் 8.3 × 10¹² இலிருந்து 2 க்கு வந்துவிட்டது. ஒரே துணிகோவை வைத்திருக்கும் இரண்டு தாயங்களில் ஒன்று சொல்பேச்சுக் கேட்கிறது, மற்றது கேட்கவில்லை. துணிகோவை சரியாகப் பூச்சியமா என்று கேட்டால் அதற்குப் பெறுமதி உண்டு, பூச்சியத்துக்குக் கிட்டவா என்று கேட்டால் அது வாய் திறக்காது.

கொழுந்துக்கணக்கு | பெப்ரவரி 15, இரவு 9.00

போட்டேன், போர்டில்:

```
float s = t - 2021;
float b = Ssy / Sss;
float a = Sy / 5;
```

b = -30.00, a = 4060.00. அதே ஊனோ, அதே `float`. கோட்டின் நடு வருடத்தில் எவ்வளவு என்பதுதான் இப்போது a. உண்மையில் எனக்கு வேண்டியதும் அதுதான், கிறிஸ்து பிறந்த காலத்தில் அட்டனில் எத்தனை கிலோ கொழுந்து என்று யார் கேட்டார்கள்!

மடுவத்து அக்கா | பெப்ரவரி 16, காலை 10.15

அதில்லை, ஒன்று கேட்கிறேன். அந்த 64690 என்ற எண் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால்? பழைய பேரேட்டில் அப்படித்தான் ஒரு எண் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வருடத்தை வைத்துச் செய்துவிட்டு, பிறகு திருப்பிக் கொண்டு வந்தால் சரியாகிவிடுமா?

லிந்துலை சேர் | பெப்ரவரி 16, மதியம் 1.30

அக்கா கேட்டதுதான் இந்த இழையிலேயே கூரான கேள்வி. கணக்குப் பிழை போய்விடும், ஆனால் எடைப் பிழை போகாது. 2023 ஆம் வருட எடையில் ஒரே ஒரு கிலோ பிசகினால் படித்திறன் 0.2 ஆல் மாறும், அது பரவாயில்லை. அதையே பூச்சியமாம் வருடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் 2021 ஐ 0.2 ஆல் பெருக்க வேண்டும், 404 கிலோ. அந்த எண் இயல்பிலேயே நடுங்கும் எண், எத்தனை இலக்கம் வைத்துக் கணக்குப் போட்டாலும் தராசின் நடுக்கம் அதில் இருக்கும். முன்பு இருந்தது நம் வழிமுறையால் வந்த நடுக்கம், அதை எடுத்துவிட்டோம். இது கேள்வியிலேயே இருப்பது.

பேராதனை மூன்றாம் வருடம் | பெப்ரவரி 16, மாலை 6.20

2021 ஐ நடுவில் வைத்து நேர்கோடு போடுகிறீர்களே, உரத் தடை வந்த வருடம் அது. உண்மையான கொழுந்துக் கணக்கு நேர்கோட்டில் வருமா? கண்டிஷன் நம்பர் 2 என்றாலும் தப்பான கோடு தப்பான கோடுதான்.

கொழுந்துக்கணக்கு | பெப்ரவரி 16, இரவு 7.05

தெரியும், அதனால்தான் சோதனைக்கு எண்களை நானே போட்டேன். உண்மையான பேரேட்டைப் போடும்போது அந்த வருடத்தைத் தனியாக எடுத்து வைப்பேன்.

கொழுந்துக்கணக்கு | மார்ச் 3, இரவு 8.50

இழையைத் திரும்ப இழுக்கிறேன். பெட்டியின் இரண்டாவது வேலை: கொழுந்து வாட்டும் ட்ரஃப்பில் இரண்டு ஈரப்பத சென்சர், அந்த இரண்டையும் வைத்து வாடிய அளவைக் கணிக்க வேண்டும். நடுவாக்கினேன், நிரல்களைச் சமப்படுத்தினேன், சேர் சொன்னபடி எல்லாம் செய்தேன். தரவு நிரல்களின் கண்டிஷன் நம்பர் 45. எட்டு டிரில்லியனைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு இரவுத் தரவுக்கும் குணகங்கள் தலைகீழாக மாறுகின்றன. ஒரு நாள் முதல் சென்சருக்கு +6, இரண்டாவதுக்கு -5. அடுத்த நாள் -3, +4. `double` இல் லப்டொப்பில் போட்டாலும் அதே எண்கள்.

லிந்துலை சேர் | மார்ச் 4, காலை 5.55

இரண்டு சென்சரும் எவ்வளவு தூரத்தில்?

கொழுந்துக்கணக்கு | மார்ச் 4, காலை 6.10

ஒரு சாண் இருக்கும். வயர் நீளம் காணாது.

லிந்துலை சேர் | மார்ச் 4, காலை 6.35

அதான். இரண்டும் ஒரே காற்றைத்தான் அளக்கின்றன. 45 என்றால் இரண்டு நிரலுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.999 அளவில். `double` ஆனால் என்ன, `float` ஆனால் என்ன, 45 ஐ 6 × 10⁻⁸ ஆல் பெருக்கினால் தூசி, வர்க்கம் எடுத்து 2000 ஆக்கினாலும் தூசிதான். மட்டந்தட்டல் இங்கே குற்றவாளி இல்லை. ஆனால் உங்கள் சென்சர் தாளில் ±2 சதவீதம் என்று போட்டிருக்கும். அதை 45 ஆல் பெருக்கிப் பாருங்கள். கண்டிஷன் நம்பரை எப்போதும் மெஷினின் பிழையோடு ஒப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, உள்ளே வரும் பிழைகளில் எது பெரிதோ அதோடு ஒப்பிட வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகையைப் பாருங்கள்: +6 உம் -5 உம் ஆனால் 1, -3 உம் +4 உம் ஆனால் 1. கூட்டுத்தொகை அசையவில்லை. தரவுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். தனித்தனியாக எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

பேராதனை மூன்றாம் வருடம் | மார்ச் 4, காலை 8.00

குணகங்கள் பெரிதாகப் போனால் தண்டனை போடும் முறை இருக்கிறதே சேர், அதைப் போட்டால் இரண்டும் 0.5, 0.5 என்று அடங்கிவிடும்.

லிந்துலை சேர் | மார்ச் 4, மதியம் 12.20

அடங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த 0.5, 0.5 தரவு சொன்னது இல்லை, தண்டனை சொன்னது. கணிப்புக்கு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபமில்லை. எந்த சென்சர் முக்கியம் என்று அதை வைத்துச் சொல்லாதீர்கள்.

பண்டாரவளைக்காரன் | மார்ச் 4, மதியம் 12.50

நான் முதல் நாளே வயர் செக் பண்ணச் சொன்னேன்.

கொழுந்துக்கணக்கு | மார்ச் 4, இரவு 9.30

இந்த முறை அண்ணன் ஜெயித்துவிட்டார். ஐந்து மீட்டர் வயர் வாங்கி இரண்டாவது சென்சரை ட்ரஃப்பின் மறுமுனைக்கு, காற்றாடி இல்லாத பக்கத்துக்குக் கொண்டு போகிறேன். அங்கே ஈரம் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். 45 குறையவில்லை என்றால் ஒரு சென்சரைக் கழற்றி அக்காவின் மடுவத் தராசுக்குப் பெட்டி செய்வேன்.